850 ரூபால பெட்ரோல் பங்குக்கு எவ்வளவு போகுது?

"சார், எனக்கு 25 வயசு, ஊரு கோட்டையூர். காரைக்குடில ஃபுட் டெலிவரி ஓட்டுறேன், ஒரு நாளைக்கு 850 ரூபா வருது. ஒரு ஜவுளிக்கடைல 14,000 சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ உண்டு, வான்னு கூப்பிடுறாங்க. போனா நஷ்டம்தானே?"

இல்ல தம்பி, கிட்டத்தட்ட சமம்தான், கணக்கைப் பாருங்க. மாசம் 26 நாள் ஓட்டினா 22,100. நீங்க கிலோமீட்டர் சொல்லல, பள்ளத்தூருக்கு ஒரு ஆர்டர் கொண்டுபோனா திரும்பி வர்றப்ப வெறும் வண்டிதான், அதையும் சேர்த்து தினம் 120 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். 45 மைலேஜ், லிட்டர் 102 ரூபான்னா பெட்ரோலே மாசம் சுமார் 7,000 ஆகிடும். அந்த ஓட்டத்துக்கு மாசாமாசம் ஆயில் மாத்தணும், செயின், டயர், பிரேக் ஷூ, ரீசார்ஜ் எல்லாம் சேத்து ஒரு 1,500. இதுக்கு மேல யாரும் எழுதாத செலவு ஒண்ணு இருக்கு: 90,000 வண்டி மூணு வருசத்துல 25,000க்குத்தான் போகும்னா மாசம் 1,800 தேய்மானம். மிச்சம் 11,800.

கடைல முழுச் சம்பளத்துக்கும் பிஎஃப் பிடிச்சா 1,680, இஎஸ்ஐ 105 போக 12,215, வந்துபோற பெட்ரோல் 800 கழிச்சா 11,400. நானூறுதான் வித்தியாசம். ஆனா உங்க 1,680ம், முதலாளி பங்குல சுமார் 510ம் உங்க பேர்ல பிஎஃப்ல சேருது, அவர் பங்குல மீதி 1,166 பென்சன் கணக்குக்குப் போகுது (மாசப் பென்சன் வேணும்னா பத்து வருச சர்வீஸ் வேணும்).

எனக்கு இதவிட இஎஸ்ஐதான் பெருசாப் படுது. வேலைக்குப் போற வழியிலயோ கடைலயோ அடிபட்டு கால் ஒடஞ்சு ரெண்டு மாசம் படுத்தா, குணமாகிற வரைக்கும் சம்பளத்துல சுமார் 90 சதவீதம் வரும், இதுக்கு இத்தன மாசம் கட்டியிருக்கணும்னு கணக்கு கெடையாது. சாதாரணக் காய்ச்சல்னா 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை, ஆனா அது சேந்த ஒடனே கெடைக்காது, ஒன்பது மாசம் மாதிரி ஆகும். அப்பா அம்மா உங்க வருமானத்த நம்பித்தான் இருக்காங்கன்னா வைத்தியம் அவங்களுக்கும் உண்டு, அதுக்குன்னு ஒரு வருமான வரம்பு இருக்கு, சேர்றப்பவே அவங்க பேரையும் குடுத்துடுங்க.

இவ்வளவும் நெசமாவே பணம் கட்டினாத்தான். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு ஒரு கடைல பதினாலு மாசம் பிடிச்சாங்க, கட்டவே இல்ல, இவன் பிஎஃப் பாஸ்புக்கைத் தொறந்தும் பாக்கல. சேந்த மொத மாசமே பிஎஃப்புக்கான யுஏஎன் நம்பரும் இஎஸ்ஐ நம்பரும் கேட்டு வாங்குங்க, அடுத்த மாசக் கடைசில UMANG ஆப்ல பாஸ்புக் பாருங்க, பணம் ஏறலன்னா கேளுங்க. "கைல 14,000 தர்றேன், பிடித்தமெல்லாம் எதுக்கு"ன்னு சொன்னா நான் சொன்ன கணக்கு மாறிடும், கைல கொஞ்சம் கூட நிக்கும், ஆனா பிஎஃப்பும் இஎஸ்ஐயும் இருக்காது, அப்ப டெலிவரியையே ஓட்டுங்க.

டெலிவரி ஐடியை மூடிடாதீங்க, சனி ஞாயிறு ராத்திரி ரெண்டு மணி நேரம் ஓட்டலாம், கடைல மொதல்லயே சொல்லிட்டு. அப்ப விழுந்தா இஎஸ்ஐ வைத்தியம் கெடைக்கும், ஆனா அந்த 90 சதவீதம் கெடைக்காது, ஏன்னா அது கடை வேலைல பட்ட அடி இல்ல.