நிலவுக்குத் துணை இல்லையா?

கேள்வி: என் மகள் 1997 சித்திரைப் பௌர்ணமி இரவு, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சென்னையில் பிறந்தவள். சுவாதி நட்சத்திரம், துலாம் ராசி, மகர லக்னம். பொருத்தம் பார்த்த ஒருவர், "இது கேமத்ரும யோக ஜாதகம், வறுமையும் தனிமையும் விடாது" என்று சொல்லிவிட்டார். பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். இந்த யோகம் அவ்வளவு கெடுதலானதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் மகளின் ராசிக் கட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். துலாத்தில் சந்திரன் தனியாக இருக்கிறார். அவருக்கு இரண்டாம் வீடான விருச்சிகம் காலியாக இருக்கிறது. பன்னிரண்டாம் வீடான கன்னியில் ராகு மட்டும் உண்டு. சந்திரனுக்கு முன்னும் பின்னும் கிரகம் இருக்கிறதா என்று பார்க்கும் இந்தக் கணக்கில் சூரியனையும் ராகு கேதுக்களையும் சேர்ப்பதில்லை. செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐவரில் ஒருவர் இரண்டில் இருந்தால் சுனபா, பன்னிரண்டில் இருந்தால் அனபா, இரு பக்கமும் இருந்தால் துருதுரா, எதுவும் இல்லையென்றால் கேமத்ருமம். தங்களிடம் பேசியவர் இந்த அளவோடு நிறுத்தியிருக்கிறார். இந்த அளவில் அவர் சொன்னது சரியே. ஆனால் சாஸ்திரம் இந்த அளவோடு நிற்கவில்லை.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்தில் இந்த யோகத்துக்கு மிகக் கடுமையான பலன் சொல்லப்பட்டிருக்கிறது. அரச குலத்தில் பிறந்தவனும் வறியவனாய், பிறருக்கு ஏவல் செய்பவனாய், துக்கப்படுபவனாய் இருப்பான் என்பது அதன் சாரம். பலரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான். ஆனால் யோகத்தின் இலக்கணத்தைச் சொல்லும் சுலோகத்திலேயே, ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் இடங்களான கேந்திரங்களில் கிரகம் இருந்தாலோ சந்திரனோடு கிரகம் கூடியிருந்தாலோ கேமத்ருமம் கொள்ளப்படுவதில்லை என்ற கருத்தையும் அவர் சேர்த்தே வைத்திருக்கிறார். பராசர ஹோரையோ இன்னும் ஒரு படி மேலே போய், சந்திரனோடும், அவருக்கு இரண்டிலும் பன்னிரண்டிலும், லக்ன கேந்திரங்களிலும் கிரகம் இல்லாதிருப்பதையே யோகத்தின் இலக்கணமாக வைக்கிறது. அதாவது, யோகம் முறிவதை இன்று நாம் 'பங்கம்' என்று தனியாகச் சொல்லும் விதிவிலக்கு, அங்கே யோகத்தின் வரையறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இலக்கணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பலனை மட்டும் முழுதாகச் சொல்வதுதான் இந்த யோகத்துக்கு இவ்வளவு கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சிறு கணக்குப் போட்டால் இது விளங்கும். ஐந்து கிரகங்களும் பன்னிரண்டு வீடுகளில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரகம் குறிப்பிட்ட இரண்டு வீடுகளைத் தவிர்த்து நிற்பதற்கு ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு உண்டு. ஐந்து கிரகங்களும் அப்படித் தவிர்த்து நிற்க, ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு வருகிறது. பாதி இலக்கணத்தை மட்டும் பார்த்தால், பத்து பேரில் நான்கு பேருக்குக் கேமத்ருமம் என்று ஆகிவிடும்! நாட்டில் நாற்பது விழுக்காட்டினர் துணையற்ற வறியவர்கள் என்று எந்த ஆசாரியரும் சொல்ல நினைத்திருக்க முடியாது. சந்திரன் நின்ற வீட்டையும், அவருக்கு நான்கு, ஏழு, பத்தாம் இடங்களையும் சேர்த்து ஆறு வீடுகளும் காலியாக இருக்க வேண்டும் என்றால், அந்த வாய்ப்பு நூற்றுக்கு மூன்றாகக் குறைகிறது. லக்ன கேந்திரங்களையும் சேர்த்தால் இன்னும் அரிதாகும். அரிய ஓர் அமைப்புக்குச் சொன்ன கடுமையான பலனைத்தான் தெருவில் பாதிப் பேர் தலையில் ஏற்றுகிறார்கள்.

பௌர்ணமியில் பிறந்தவர்களுக்கு இந்தப் பழி இன்னும் எளிதாக வந்து சேர்கிறது. புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேலும், சுக்கிரன் 47 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. பௌர்ணமியன்று சூரியன் சந்திரனுக்கு ஏழாம் இடத்தில் இருப்பதால், இவ்விருவரும் சந்திரனுக்கு அண்டை வீடுகளுக்கு வரவே முடியாது. மீதி மூவரும் தவறினால் கேமத்ருமம்தான். ஒளி நிறைந்த சந்திரனைத் துணையற்றவன் என்று சொல்லும் விபரீதம் இப்படித்தான் நேர்கிறது.

இனித் தங்கள் மகளின் கட்டத்துக்கு வருவோம். மேஷத்தில் சூரியனோடு புதனும் சுக்கிரனும் இருக்கிறார்கள். அது துலாத்துக்கு ஏழாம் வீடு, அதாவது சந்திர கேந்திரம். மகரத்தில் குரு இருக்கிறார். அது சந்திரனுக்கு நான்காம் இடம், லக்னமும் அதுவே. ஆகவே சந்திர கேந்திரத்தைக் கொண்டாலும், லக்ன கேந்திரத்தைக் கொண்டாலும் இந்த யோகம் நிற்கவில்லை. சந்திரன் நிற்கும் வீட்டுக்கு அதிபதியான சுக்கிரனே நேர் எதிரில் நின்று சந்திரனைப் பார்க்கிறார்.

கிரகம் அங்கே இருப்பது ஒன்று, அது பலத்தோடு இருப்பது வேறொன்று. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம். புதனும் சுக்கிரனும் சூரியனுக்கு மிக அருகில் ஒளி மங்கி அஸ்தங்கம் அடைந்திருக்கிறார்கள். குரு மகரத்தில் பலம் குன்றி நீசம். எனவே பங்கமான கேமத்ருமத்தையே ராஜயோகமாக மாற்றிச் சொல்லும் சிலரது வழக்கத்தை நான் பின்பற்ற மாட்டேன். யோகம் இல்லை என்பதோடு அது முடிகிறது. உயர்ந்த பலன் வேண்டுமானால் அதற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்தத் தேடலும் சந்திரனிடமே கொண்டுபோய் விடுகிறது. நீசமான கிரகம் எந்த ராசியில் உச்சம் பெறுமோ, அந்த ராசியின் அதிபதி லக்ன கேந்திரத்தில் இருந்தால் நீசபங்கம் என்பது மரபு. குருவுக்கு உச்ச வீடு கடகம். அதன் அதிபதி சந்திரன், மகர லக்னத்துக்குப் பத்தாம் இடத்தில் இருக்கிறார். துணையற்றவர் என்று பழிக்கப்பட்ட சந்திரன்தான் இங்கே குருவுக்குத் துணை நிற்கிறார். சுவாதியின் ராகு தசை இருப்புப்படி 2012 இறுதியை ஒட்டித் தொடங்கிய குரு தசை சுமார் 2028 வரை நடப்பதால், இந்த நீசபங்கத்தைப் பொருத்தம் பார்ப்பவர் கவனிக்க வேண்டும்.

திருமணத்துக்குக் கேமத்ருமத்தைவிட ஏழாம் வீடே முதன்மையானது. மகர லக்னத்துக்கு ஏழாம் வீடு கடகம். அதிபதி பௌர்ணமிச் சந்திரன், பத்தாம் இடத்தில் கேந்திர பலத்தோடு நிற்கிறார். லக்னத்திலிருந்து குருவின் ஏழாம் பார்வையும் அந்த வீட்டில் விழுகிறது. அடுத்த வரன் வரும்போது யோகத்தின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்காமல், ராசிக் கட்டத்தைக் கொடுத்து, ஏழாம் அதிபதியின் நிலையையும் குரு தசையையும் பார்க்கச் சொல்லுங்கள். எவரேனும் கேமத்ருமம் என்று மறுபடி எழுப்பினால், சந்திர கேந்திரத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மேஷத்தில் மூவர் இருப்பதை அவரே எண்ணிப் பார்க்கட்டும்.