ஆட்குறைப்புக்குப் பிறகு தெரிந்தவர்களிடம் வேலை கேட்பது: கேள்வி பதில்

கூலிம் தொழிற்சாலையில் 11 வருஷம் ஸ்டோரில் இருந்தேன். போன மாதம் ஆட்குறைப்பு. தெரிந்தவர்களுக்கு என்ன எழுதுவது? கெஞ்சுவது போல இருக்கக் கூடாது. (லூனாஸ் வாசகர்)

தம்பி, நீங்கள் எழுதுவதை உங்கள் நண்பர் மட்டும் படிக்கப் போவதில்லை. அவர் கையில் வேலை இருக்காது. அவர் அதைத் தம் மேலாளருக்கோ ஆள்பலப் பிரிவுக்கோ அப்படியே அனுப்பி வைப்பார். அந்தப் பிரிவில் 18 ஆண்டுகள் இருந்தவள் நான். “என் மச்சான், நல்ல பையன், ரெண்டு பிள்ளைங்க, பாவம்” என்று வந்த செய்திகளைப் படித்து மனம் கனத்ததுண்டு, ஆனால் எந்த வேலைக்கு, எந்த ஷிப்டுக்கு என்று தெரியாததால் அவற்றை எந்த மேலாளரிடமும் கொண்டுபோக முடிந்ததில்லை. ஆகவே உங்களை அறியாத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி எழுதுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் அண்ணா. எங்கள் தொழிற்சாலையில் ஒரு பிரிவை மூடிவிட்டதால் சென்ற மாதத்தோடு என் வேலை முடிந்தது. 11 ஆண்டுகள் உதிரிபாக ஸ்டோரில் இருந்தேன்; சரக்கு வரவு, வழங்கல், மாதாந்தர இருப்புக் கணக்கு மூன்றையும் கவனித்தேன்; ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன். ஸ்டோர் கீப்பர் அல்லது கிடங்கு மேற்பார்வையாளர் வேலை தேடுகிறேன். கூலிம், பாடாங் செராய், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் மோட்டாரில் வந்து போவேன். இரவு ஷிப்டும் சரி. உங்கள் இடத்தில் ஸ்டோருக்கு ஆள் எடுப்பது யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.”

வேலை போன காரணம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. பிரிவையே மூடினார்கள் என்பதால் உங்கள் மீது ஐயமும் எழாது. கடைசியில் நீங்கள் கேட்பது வேலையை அல்ல, ஒரு பெயரை. அதற்கு அவர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். உதவி கேட்பதால் கெஞ்சல் ஆகிவிடாது. பதில் சொல்ல முடியாத பாரத்தை எதிரிலிருப்பவர் தலையில் வைக்கும்போதுதான் அது கெஞ்சலாகப் படும். அதனால்தான் வீட்டுக் கடனைப் பற்றி எழுத வேண்டாம் என்கிறேன்.

எங்கள் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் “எந்த வேலையானாலும் செய்வேன்” என்று போட்டிருக்கிறேன். ஒன்றையே சொன்னால் மற்ற வாய்ப்புகள் போய்விடுமே?

உங்கள் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரே பதவியின் பெயரை மட்டும் எழுதினால் வாசல் குறுகித்தான் போகும்; அதனால்தான் மேலே ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு வேலைகளைச் சொன்னேன். ஆனால் “எந்த வேலையானாலும்” என்பதைப் படிப்பவருக்கு யாருடைய முகமும் நினைவுக்கு வராது. குழுவில் இருப்பவர்களோ, வேறு யாராவது உதவுவார்கள் என்று நகர்ந்துவிடுவார்கள். பத்துப் பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள்.

சொக்சோவில் பணம் கிடைக்குமாமே, அதற்கு யாரிடம் சொல்லி வைக்க வேண்டும்?

அம்மா, அதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் சந்தா கட்டியிருந்தால், வேலை இழந்த 60 நாளுக்குள் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். தகுதி இருந்தால் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். வேலை தேடுவதையும் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், யாருக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

எட்டு வருஷமாகப் பேசாத பழைய சூப்பர்வைசருக்கு எழுதலாமா? வேலை போன பிறகுதான் ஞாபகம் வந்ததா என்று நினைப்பாரே.

எழுதுங்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் அவர்கள் எப்போதாவது சந்திப்பவர்களே. உங்கள் நெருங்கிய உறவினருக்குத் தெரிந்த இடங்கள் உங்களுக்கும் தெரிந்தவைதாம். அந்தப் பழைய சூப்பர்வைசருக்குத் தெரிந்தவை வேறு. இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தியை வளர்க்காமல், சேர்ந்து செய்த வேலை ஒன்றை நினைவூட்டித் தொடங்குங்கள்: “ஆண்டுக் கடைசி இருப்புக் கணக்கில் உங்களோடு விடிய விடிய எண்ணியவன் நான்.” பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

எதிர்பார்க்கும் சம்பளத்தையும் எழுதலாமா?

முதல் செய்தியில் வேண்டாம் என்பதே என் வழக்கம். நண்பர் அந்தத் தொகையைப் பார்த்து, தம் முதலாளி தரமாட்டார் என்று தாமே முடிவு செய்து, செய்தியை அனுப்பாமலே விட்டுவிடக்கூடும்.

நான் லாரிக் குத்தகைக்காரன், ஆள் எடுப்பவன். சம்பளம் எழுதாதவரை நான் கூப்பிடுவதே இல்லை, நேரம் வீண்.

ஐயா, உங்களைப் போல நேரடியாக ஆள் எடுப்பவருக்கு எழுதும்போது சம்பள வரம்பைச் சொல்வது நல்லது என்பதை ஏற்கிறேன். இடையில் ஒருவர் இருக்கும்போதும் அப்படித்தானா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது. ஆள் எடுக்கும் மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் நன்றாக இருக்கும்.