தராசில் தொடங்கும் இயற்கணிதம்: ஆசிரியர்கள், பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 6ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தராசை வைத்து, ‘ஒரு பெட்டியும் 3 காசும் சேர்ந்தால் 8 காசு’ என்று தொடங்கினேன். தராசைத் தொடுவதற்கு முன்பே ‘அஞ்சு’ என்கிறார்கள். பிறகு தராசு எதற்கு?

பிள்ளைகள் செய்தது சரிதான். கணக்குதான் தராசுக்கு ஏற்றதாக இல்லை. எட்டிலிருந்து மூன்றைக் கழித்தால் விடை வந்துவிடும். அதற்கு எண்கணிதமே போதும். தெரியாத எண் இரண்டு பக்கமும் வரும்போதுதான் பின்னோக்கிக் கழித்துப் பார்க்கும் வழி அடைபட்டு, தராசு தேவைப்படுகிறது. ஆகவே முதல் நாளே இரண்டு தட்டிலும் பெட்டி வையுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இடது தட்டில் 3 தீப்பெட்டியும் 2 காசும்; வலது தட்டில் 1 தீப்பெட்டியும் 10 காசும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரே எண்ணிக்கையில் காசு இருக்கிறது, தராசு நேராக நிற்கிறது. இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு, ‘தராசு சாயாமல் எதை எடுக்கலாம்?’ என்று கேளுங்கள். விடையைக் கேட்காதீர்கள்.

இரண்டு பக்கமும் 2 காசு எடுக்கலாம் என்று பெரும்பாலும் முதலில் வரும். இப்போது 3 பெட்டிக்கு 1 பெட்டியும் 8 காசும் சமம். அடுத்த படியில்தான் வகுப்பு தயங்கும். உள்ளே எத்தனை இருக்கிறது என்று தெரியாத பெட்டியை எப்படி எடுப்பது? யாராவது ஒருவர் இரண்டு பக்கமும் ஒரு பெட்டியை எடுத்துப் பார்க்கட்டும். தராசு அசையாமல் நிற்பதை எல்லோரும் பார்க்க வேண்டும். தெரியாத ஒன்றையும் தெரிந்த எண்ணைப் போலவே கையாளலாம் என்பது அங்கேதான் பிடிபடுகிறது. மிச்சம் 2 பெட்டிக்கு 8 காசு. இரண்டு பக்கத்தையும் பாதியாக்கினால் ஒரு பெட்டிக்கு 4 காசு. விடையைப் பலகையில் எழுதிய பிறகே பெட்டியைத் திறந்து எண்ணுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் தீப்பெட்டி வைத்தால் காலிப் பெட்டிக்கும் எடை இருக்கிறதே, கணக்கு பிசகாதா?

கட்டாயம் பிசகும். மேலே உள்ள கணக்கில் இடதில் 3 பெட்டி, வலதில் 1 பெட்டி. அதனால் வலது தட்டில் 2 காலிப் பெட்டிகளை, மேல்மூடியில் பெருக்கல் குறி போட்டு, சேர்த்து வையுங்கள். ‘இவை காலி, அட்டையின் எடையை ஈடுகட்ட மட்டுமே’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் பாதியாக்கும்போது வலதில் 4 காசும் ஒரு காலிப் பெட்டியும் நிற்கும். அதுவும் சரியாகவே பொருந்தும்.

பிள்ளைகள் பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பார்கள். சத்தம் கேட்காமலிருக்கப் பஞ்சு அடைத்தால், காலிப் பெட்டிகளிலும் அதே அளவு பஞ்சு அடையுங்கள்.

காசிலும் ஒரு கண்ணி உண்டு. எல்லா ஒரு ரூபாய்க் காசும் ஒரே எடை அல்ல. 2011க்கு முன் புழக்கத்தில் இருந்த பெரிய எவர்சில்வர் காசு 4.85 கிராம், 2011 வரிசைக் காசு 3.79 கிராம், அதற்குப் பின் இன்னும் சிறியதும் வந்திருக்கிறது. கலந்து வைத்தால் சமமாக நிற்க வேண்டிய தராசு சாயும். பிள்ளை தன் கணக்கைச் சந்தேகிப்பாள். ஒரே வரிசைக் காசாகப் பொறுக்குங்கள், அல்லது ஹார்டுவேர் கடையில் ஒரே அளவு இரும்பு நட்டு வாங்குங்கள். கோலிக்குண்டு வேண்டாம், ஒன்றுக்கொன்று எடை மாறும்.

கேள்வி: மர ஸ்கேலில் தராசு செய்தேன். ஒரு பக்கமாக விழுந்து அப்படியே நின்றுவிடுகிறது.

நடுத்துளையைக் கீழ் விளிம்பருகே போட்டிருப்பீர்கள். தாங்கும் புள்ளி ஸ்கேலின் எடை மையத்துக்குக் கீழே போனால் தராசு கவிழும். 30 செ.மீ. ஸ்கேலில் 15 செ.மீ. கோட்டில், மேல் விளிம்பை ஒட்டித் துளையிடுங்கள். தட்டுகளின் நூலை 1, 29 செ.மீ. கோடுகளில் சிறு வெட்டுப் போட்டு அதில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் நூல் நழுவி ஒரு கை நீளும். வெறும் தராசு லேசாகச் சாய்ந்தால் உயர்ந்த பக்கத்தில் களிமண் ஒட்டுங்கள்.

கை நீளம் சமமா என்று பார்க்க, தட்டில் உள்ளவற்றை அப்படியே இடம் மாற்றி வையுங்கள். அப்போதும் நேராக நின்றால் சரி.

கேள்வி: என் மகள் 7ஆம் வகுப்பு. டியூஷனில் ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 3x = 12 என்பதற்கு x = 12 − 3 = 9 என்று எழுதுகிறாள்.

அவள் விதியைத் தவறாமல் கடைப்பிடித்திருக்கிறாள். 3 அந்தப் பக்கம் போனது, குறி மாறியது. ஆனால் அந்த 3 பெட்டிகளின் எண்ணிக்கை, தட்டில் தனியாகக் கிடக்கும் 3 காசு அல்ல என்பதை அந்த விதி சொல்லவில்லை.

திட்டாதீர்கள், விதியை மறக்கவும் சொல்லாதீர்கள். 3 பெட்டியையும் 12 காசையும் எதிரெதிரே வைத்து, ‘வலப்பக்கம் 3 காசை எடு’ என்று சொல்லுங்கள். தராசு சாயும். ‘இடப்பக்கம் எதை எடுத்தால் மறுபடி நேராகும்?’ என்று கேளுங்கள். பெட்டிக்கு வெளியே காசே இல்லை என்பதை அவளே பார்ப்பாள். பிறகு 12 காசை மூன்று குவியலாக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் எதிரே ஒரு குவியல் வைக்கச் சொல்லுங்கள். அடுத்து x + 3 = 12 கணக்கையும் அதே தட்டில் அமைத்துக் காட்டுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் நிலைக்கும்.

கேள்வி: x இல்லாமல் இரண்டு வாரம் பெட்டியும் காசுமாக ஓடுகிறது. இதை இயற்கணிதம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி தம் நூலில் சமன்பாடுகளைச் சொற்களாலேயே எழுதினார். அவர் கையாண்ட ‘அல்-முகாபலா’ என்பது இரண்டு பக்கமும் உள்ள ஒத்த உறுப்புகளைச் சமமாக நீக்குவதுதான். உங்கள் வகுப்பு தட்டிலிருந்து பெட்டிகளை எடுக்கும்போது அதைத்தான் செய்கிறது. சமக்குறி அச்சில் வந்ததே 1557இல்.

கேள்வி: 2x − 3 = 7, x + 5 = 3 போன்றவற்றைத் தராசில் எப்படிக் காட்டுவது?

முதலாவதைக் காட்டலாம். 2 பெட்டிக்குள் இருந்ததில் 3 காசை எடுத்துவிட்டோம், மிச்சம் 7 காசுக்குச் சமம். எடுத்த மூன்றைத் திருப்பி வைத்தால் வலதிலும் 3 சேர்க்க வேண்டும். 2 பெட்டிக்கு 10, ஒன்றுக்கு 5.

இரண்டாவதைக் காட்ட முயலாதீர்கள். −2 காசு உள்ள பெட்டி கிடையாது. பலூன் கட்டித் தட்டைத் தூக்குவது போன்ற வித்தைகள் பிள்ளைகளுக்குப் புதுக் குழப்பத்தையே தரும். அங்கே தராசை ஓரமாக வைத்துவிட்டு, ‘இரண்டு பக்கமும் ஒரே செயல்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு எண்கோட்டுக்குப் போங்கள்.

கேள்வி: அப்படியானால் x எப்போது?

பிள்ளைகள் தராசை விட்டு நோட்டில் சதுரமும் புள்ளியும் வரைந்து, அடித்து அடித்துத் தீர்க்கத் தொடங்கிய பிறகு. அடுத்து ‘3 பெட்டி + 2 = 1 பெட்டி + 10’ என்று சொல்லில் எழுதட்டும். அதற்குப் பிறகு எழுத்து வரலாம். ஆனால் ‘பெட்டி’க்கு ‘பெ’ என்று வைக்காதீர்கள், எழுத்து என்றால் பொருளின் சுருக்கப் பெயர் என்று பதிந்துவிடும். x, n என்று தொடர்பில்லாத எழுத்தே நல்லது. எழுதியதும் ‘இங்கே x என்றால் என்ன?’ என்று கேளுங்கள். ‘பெட்டி’ என்று பதில் வந்தால் இன்னும் ஒரு நாள் பெட்டியோடேயே இருங்கள். ‘ஒரு பெட்டிக்குள் எத்தனை காசோ அந்த எண்’ என்று வந்தால் மேலே போகலாம்.