நவகிரகத் தலங்களுக்கு ஏ.ஐ. வரைந்த வரைபடம்: இல்லாத சாலையும் காணாமல்போன காரைக்காலும்

கேள்வி: நவகிரகக் கோயில்கள் ஒன்பதுக்கும் சிறிய யாத்திரைக் கையேடு அச்சிடுகிறோம். ஏ.ஐ. படக் கருவியிடம் வரைபடம் கேட்டால் பார்க்க அழகாக வருகிறது. ஆனால் பூம்புகாருக்குக் கிழக்கே ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது, காரைக்காலையே காணோம், மாவட்ட எல்லைகளும் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. எப்படிக் கேட்டால் சரியாக வரும்? இல்லையென்றால் வேறு வழி என்ன? — வாசகர், கும்பகோணம்

பதில்: எப்படிக் கேட்டாலும் சரியாக வராது. ஊர்ப் பெயர்களையும் தூரங்களையும் அடுக்கிக் கேட்டால் தவறுகள் இடம் மாறும், தீராது. கருவி வேலை செய்யும் விதமே அப்படி.

உண்மையான வரைபடத்துக்கு அடியில் தரவு இருக்கிறது. ஒவ்வோர் ஊரும் அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்கள். சாலை என்பது அப்படிப்பட்ட புள்ளிகளின் வரிசை. மாவட்டம் என்பது மூடிய ஒரு பரப்பு. இரண்டு மாவட்டங்கள் ஒட்டியிருந்தால் இரண்டுக்கும் ஒரே எல்லைக்கோடுதான். படக் கருவியிடம் இவை எதுவும் இல்லை. ஏராளமான படங்களையும் அவற்றோடு வந்த விவரிப்புகளையும் பார்த்து, ‘வரைபடம் என்றால் இப்படித் தோற்றமளிக்கும்’ என்பதைத்தான் அது கற்றிருக்கிறது. இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை வெறும் புள்ளி இரைச்சலில் தொடங்கி, நீங்கள் கேட்ட விவரிப்புக்குப் பொருந்தும்படி அதைப் படிப்படியாகத் தெளிவாக்கிக்கொண்டே போகின்றன. வரைபடங்களில் பச்சைப் பரப்பு இருக்கும், நீலக் கடல் இருக்கும், ஊர்களுக்கு இடையே மஞ்சள் கோடுகள் ஓடும். எனவே கோடு இல்லாத இடம் அதற்கு வெறுமையாகப் படுகிறது. அங்கே ஒரு கோடு போடுகிறது. பூம்புகாருக்குக் கிழக்கே இருப்பது வங்காள விரிகுடா என்று தடுக்க உள்ளே எதுவும் இல்லை.

நுணுக்கமும் தொலைகிறது. கணக்குச் சுமையைக் குறைக்க, 2022இல் வெளிவந்து பரவலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகள் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. உங்கள் படம் திங்களூரிலிருந்து கடற்கரை வரை, இருபுறமும் சற்று இடம் விட்டு, கிழக்கு மேற்காக ஏறக்குறைய 100 கிலோமீட்டரைக் காட்ட வேண்டும். 1024 பிக்சல் அகலப் படத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 100 மீட்டர். சுருக்கிய பிறகு ஒரு கட்டத்துக்கு 800 மீட்டர். சூரியனார்கோவிலும் கஞ்சனூரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பவை. அவற்றுக்கு நடுவே இந்தக் கட்டங்கள் சிலவே தேறும். காவிரியின் வளைவும் கிளைச்சாலையும் அதற்குள் எங்கே அடங்கும்? தமிழ் எழுத்துகளில் கொம்பும் புள்ளியும் இடம் மாறி, படிக்க முடியாத பெயர்கள் வருவதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பதற்கு உங்கள் பகுதியில் தனிக் காரணம் ஒன்றும் இருக்கிறது. 1991 வரை இவ்விடம் பெரும்பாலும் ஒரே தஞ்சாவூர் மாவட்டம். பிறகு நாகப்பட்டினம் பிரிந்தது, திருவாரூர் பிரிந்தது, 2020இல் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமானது. இணையத்தில் கிடக்கும் படங்களில் எல்லாக் காலத்து எல்லைகளும் கலந்து கிடக்கின்றன. கருவிக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. எல்லாவற்றையும் கலந்து, எந்த ஆண்டிலும் இருந்திராத ஓர் எல்லையைக் கொடுக்கிறது. காரைக்காலின் கதை இன்னும் சிக்கல். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த அது, வடக்கே மயிலாடுதுறைக்கும் தெற்கே நாகப்பட்டினத்துக்கும் நடுவில், கடலோரம் அமர்ந்திருக்கிறது. பெரிய நிலப்பரப்புக்கு நடுவே வேறொரு நிர்வாகத்தின் சிறு துண்டு இருப்பது கருவி பார்த்த பெரும்பாலான வரைபடங்களில் இல்லாத அமைப்பு. அதனால் அதைச் ‘சரிசெய்து’ அழித்துவிடுகிறது. சனீஸ்வரருக்குரிய திருநள்ளாறு அந்தத் துண்டுக்குள்தான் இருக்கிறது. காரைக்கால் இல்லாத படத்தை நம்பி ஒருவர் வாடகை வண்டி பேசினால், மாநில எல்லை தாண்டுவதற்கான பெர்மிட் வேண்டுமா என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றாது.

கையில் வந்த படம் எதுவானாலும் இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, அதே கேள்வியை மறுபடி கேட்டு இரண்டு படங்களையும் பக்கத்தில் வையுங்கள். தரவிலிருந்து வரும் சாலை இரண்டாம் முறையும் அதே இடத்தில் இருக்கும். கற்பனைச் சாலை நகர்ந்துவிடும். இரண்டு, உங்களுக்குத் தெரிந்த மூன்று ஊர்களைப் பிடியுங்கள். சீர்காழிக்குத் தெற்கே வைத்தீஸ்வரன்கோயில், அங்கிருந்து தென்மேற்கே மயிலாடுதுறை; திருநள்ளாறு காரைக்கால் நகரத்துக்கு மேற்கே சுமார் 5 கிலோமீட்டர். இந்தத் திசைகள் பிசகினால் மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை. அளவுகோல் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் அலங்காரமாக வரையப்பட்டதே.

உரையாடல் வகை ஏ.ஐ. கருவிகளிடம் கோயில்களின் அட்சரேகை, தீர்க்கரேகை கேட்பதிலும் இதே ஆபத்து உண்டு. எண்கள் நம்பும்படி இருக்கும். ஆனால் அட்சரேகையில் இரண்டாம் தசம இலக்கம் ஒன்று மாறினால் 1.1 கிலோமீட்டர் நகரும். முதல் தசம இலக்கம் மாறினால் 11 கிலோமீட்டர். பக்கத்து ஊருக்கு அனுப்ப அது போதும்.

இனி, வேலைக்கான வழி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது தன்னார்வலர்கள் உருவாக்கிய இலவச உலக வரைபடத் தரவு. அதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் எடுக்க overpass-turbo.eu தளத்தைத் திறந்து, இடப்பக்கப் பெட்டியில் இதை ஒட்டி, Run அழுத்துங்கள்:

```
[out:json][timeout:90];
(
  relation["boundary"="administrative"]["admin_level"="5"](10.7,79.0,11.35,79.95);
  way["highway"~"^(trunk|primary|secondary)$"](10.7,79.0,11.35,79.95);
  way["waterway"="river"](10.7,79.0,11.35,79.95);
);
out geom;
```

அடைப்புக்குறிக்குள் உள்ள நான்கு எண்கள் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு எல்லைகள். ஒன்பது தலங்களும் இந்தப் பெட்டிக்குள் வந்துவிடும். இந்தியாவைப் பொறுத்தவரை அந்தத் தரவில் மாவட்டத்துக்கு நிலை எண் 5. மாவட்டப் பெயர் எதையும் நான் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பெட்டியைத் தொடும் மாவட்டங்கள் தாமாக வர வேண்டும், காரைக்காலும் சேர்த்து. வரவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். பிறகு Export பொத்தானில் GeoJSON என்ற வரைபடத் தரவுக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்பை கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இழுத்துப் போட்டால் எல்லைகள் பரப்புகளாக ஓர் அடுக்கிலும், சாலைகளும் ஆறுகளும் கோடுகளாக இன்னோர் அடுக்கிலும் அமரும். சாலையையும் ஆற்றையும் highway, waterway என்ற பத்திகளை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். திட்டத்தின் அமைப்பில் EPSG:32644 என்று தேர்ந்தெடுங்கள். உலகை அளக்கப் பிரித்த மண்டலங்களில் உங்கள் பகுதி விழுவது அது. அதன்பின் நீங்கள் வைக்கும் அளவுகோல் பட்டை உண்மையான கிலோமீட்டரைக் காட்டும்.

கோயில்களுக்கு, உங்கள் குழுவினர் யாராவது போகும்போது ராஜகோபுர வாசலில் நின்று கைப்பேசியின் ஜி.பி.எஸ். எண்களைக் குறித்து வருவதே நல்லது. பெயர், lat, lon என்று மூன்று பத்திகளில் ஒரு CSV கோப்பு செய்து, தமிழ்ப் பெயர்கள் சிதையாமலிருக்க UTF-8இல் சேமியுங்கள். அதைச் சேர்க்கும்போது X என்ற இடத்தில் தீர்க்கரேகை, Y என்ற இடத்தில் அட்சரேகை. பலரும் இதை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்படி மாறினால் திருநள்ளாறு வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் அருகே போய் விழும். வரைபடத்தில் கோயில்களைக் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்லைக் கோப்புகளை வேறு எங்கிருந்தாவது இறக்கினால் ஆண்டைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய கோப்புகள் நேர்மையானவைதான், ஆனால் அவற்றில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்களே இருக்கும், மயிலாடுதுறை இருக்காது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சிற்றூர்ச் சாலைகள் சில விடுபட்டிருக்கலாம். அச்சுக்கு முன் ஒரு பிரதியை, கும்பகோணத்தில் நவகிரகச் சுற்றுக்கு வண்டி ஓட்டும் ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்து, அவர் போகும் வழியைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். எந்தத் தரவிலும் இல்லாததை அவர் சொல்வார்.

அழகு குறைவாக இருக்கிறது என்று, முடித்த வரைபடத்தை மறுபடி ஏ.ஐ. கருவியில் போட்டு ‘மெருகேற்ற’ச் சொல்லிவிடாதீர்கள். இவ்வளவு உழைப்பும் அங்கேதான் வீணாகும். முழுப் படத்தையும் அது புதிதாக வரையும். சாலைகள் மறுபடி நகரும், பெயர்கள் மறுபடி உடையும். கோபுரச் சித்திரங்களும் ஓர அலங்காரமும் வேண்டுமானால் அவற்றைத் தனியாகச் செய்து, வரைபடத்தின் மேல் தனி அடுக்காக ஒட்டுங்கள். அச்சகத்துக்கு PDF எடுக்கும்போது எழுத்துகளை வடிவங்களாக மாற்றும் தெரிவை (Always Export Text as Paths) வையுங்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் உடையாது.

கையேட்டின் மூலையில் ‘இந்தியாவில் இப்பகுதி எங்கே’ என்று சிறு படம் வைக்க ஆசைப்பட்டால் மட்டும் வேறு மூலத்துக்குப் போங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எல்லையை யார் கட்டுப்பாட்டில் நிலம் இருக்கிறது என்பதை வைத்து வரைகிறது. காஷ்மீர்ப் பகுதியில் அது இந்திய நில அளவைத் துறையின் எல்லையோடு ஒத்துப்போகாது. அத்துறையின் வரைபடத்துக்கு முரணான இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஏ.ஐ. வரைந்தது என்பதால் வெளியிட்டவரின் பொறுப்பு போய்விடாது. நாட்டின் வெளிப்புற எல்லை தெரியும் எந்தப் படத்துக்கும் onlinemaps.surveyofindia.gov.in தளத்திலிருந்து அத்துறையின் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவகிரக வரைபடத்தின் கீழே ‘© OpenStreetMap contributors’ என்ற வரியைக் கண்ணில் படும் அளவில் அச்சிடுங்கள். அந்தத் தரவைப் பயன்படுத்த அவர்கள் கேட்கும் முதல் நிபந்தனை அதுதான்.