கனடாவில் வாங்கிய போனுக்கு இங்கத்தைய சிம் போடுமுன்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த அக்கா எனக்கெண்டு ஒரு ஐபோன் 16 கொண்டு வந்தவ. அடுத்த கிழமை திரும்பிப் போறா. பதியாத போன் இங்க வேலை செய்யாது எண்டு கடையில சொல்லினம். 1909க்கு மெசேஜ் அனுப்பினால் பதிஞ்ச மாதிரியா? அக்கா போனாப் பிறகு ஆறுதலாச் செய்யலாமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: 1909 என்பது சரிபார்க்கும் இலக்கம் மட்டும். அதற்குச் செய்தி அனுப்பினால் போன் பதிவில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவருமே தவிர, எதுவும் பதியப்படாது. பதிவு என்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் தனியாக விண்ணப்பித்துச் செய்யவேண்டிய வேலை. அதை அக்கா இங்கே நிற்கும்போதே தொடங்கிவிடுங்கள். போனைக் கொண்டுவந்தவர் அவர். அதற்குச் சான்றாகும் கடதாசிகளும் அவருடைய கைப்பையில்தான் இருக்கின்றன.

2025 ஜனவரி 28 முதல், ஐஎம்இஐ (IMEI) எனப்படும், ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள இலக்கம் பதிவு செய்யப்பட்ட கருவிகளுக்கு மட்டுமே உள்ளூர் வலையமைப்புகளில் சேவை கிடைக்கும் என்று ஆணைக்குழு அறிவித்தது. அந்தத் திகதிக்கு முன்பே இங்கத்தைய வலையமைப்பில் பாவனையில் இருந்த போன்களை இது பாதிக்காது என்றும் சொன்னது. அக்கா கையில் இருப்பது அண்மையில் வாங்கி, முதல்முறையாக இங்கே வந்த போன் என்றால் அந்தச் சலுகை அதற்குப் பொருந்தாது. கனடா சிம்மோடு ரோமிங்கில் இங்கே கதைக்க முடிந்தது என்பதையும் பதிவுக்குச் சான்றாக எடுக்கவேண்டாம். கேள்வி இங்கத்தைய சிம்மைப் பற்றியது.

முதல் வேலை இலக்கத்தைப் பிழையில்லாமல் எடுப்பது. கூடுதலான சிக்கல்கள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. அழைப்புத் திரையில் *#06# என்று அழுத்துங்கள். உங்கள் போனில் ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கங்கள் வரும். உங்களுக்குத் தேவையானவை IMEI, IMEI2 என்ற இரண்டும்தான். ஒவ்வொன்றும் சரியாக 15 இலக்கம். EID என்பது 32 இலக்கம் கொண்டது. அது இ-சிம் சில்லின் அடையாளம், இதற்கு உதவாது. MEID என்று 14 இலக்கத்தில் ஒன்று தெரிந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சில சாம்சங் போன்களில் 15 இலக்கத்தின் பின் ஒரு சாய்கோடும் 01 போன்ற இரண்டு இலக்கங்களும் வரும். அந்த வால் ஐஎம்இஐ அல்ல. அதையும் சேர்த்து 17 இலக்கமாக அனுப்பினால் எந்தப் பதிவேட்டிலும் அது கிடைக்காது.

ஐபோன் திரையில் இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி தெரியும். அனுப்பும்போது இடைவெளி இல்லாமல் ஒரே தொடராக எழுதுங்கள். Settings > General > About என்ற இடத்தில் இலக்கத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பிரதி எடுக்கலாம். பார்த்துத் தட்டுவதைவிட அது நல்லது. பெட்டியில் ஒட்டியுள்ள இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பாவியுங்கள். போனின் தாய்ப்பலகை, அதாவது மதர்போர்ட், மாற்றப்பட்டிருந்தால் உள்ளே இருக்கும் இலக்கமும் பெட்டியில் உள்ளதும் வேறாக இருக்கும். வலையமைப்புக்குப் போவது உள்ளே இருப்பதுதான். ஆகவே திரையில் வருவதைத்தான் பதியவேண்டும்.

தட்டியெழுதியே ஆகவேண்டும் என்றால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பதினைந்தாவது இலக்கம் மற்றப் பதினான்கிலிருந்தும் கணக்கிட்டுப் பெறப்படுவது. 490154203237518 என்ற மாதிரி இலக்கத்தை எடுங்கள். இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று பதினான்காவது வரை இரட்டை இடங்களில் இருப்பவை 9, 1, 4, 0, 2, 7, 1. ஒவ்வொன்றையும் இரட்டித்து, விடை இரண்டு இலக்கமாக வந்தால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். 9, 2, 8, 0, 4, 5, 2 என்று வரும். கூட்டினால் 30. கடைசி இலக்கத்தைத் தவிர்த்து ஒற்றை இடங்களில் இருப்பவை 4, 0, 5, 2, 3, 3, 5. அவற்றின் கூட்டு 22. மொத்தம் 52. அதற்கு மேலே வரும் பத்தின் மடங்கு 60, குறைவது 8. கடைசி இலக்கமும் 8, ஆகவே சரி. எந்த ஓர் இலக்கத்தைப் பிழையாகத் தட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. விண்ணப்பம் அனுப்பமுன் இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிழையான இலக்கத்தைப் பதிவித்தால், எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

அடுத்தது 1909. IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் எழுதி அனுப்பவேண்டும்.

```
IMEI 490154203237518
```

இது வடிவத்தைக் காட்டும் உதாரணம், உங்கள் இலக்கத்தைப் போட்டு அனுப்புங்கள். வேறு போனிலிருந்தும் அனுப்பலாம், ஏனென்றால் சரிபார்க்கப்படுவது நீங்கள் எழுதும் இலக்கம், அனுப்பும் போன் அல்ல. இரண்டு இலக்கத்துக்கும் தனித்தனியாக அனுப்பி, வரும் பதில்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இரண்டும்? உங்கள் போனில் தட்டில் வைத்துச் செருகும் சிம் ஓர் இலக்கத்தோடும் இ-சிம் மற்ற இலக்கத்தோடும் வலையமைப்பில் சேரும். ஒன்றை மட்டும் பதிந்தால் இன்று பாவிக்கும் சிம் வேலை செய்யும். நாளை இரண்டாவது சிம்மை இ-சிம்மாக எடுக்கும்போது அது மட்டும் சேவை இல்லாமல் நிற்கும். போன் பழுது, சிம் பழுது என்று கடைகடையாக அலைய நேரும். இரண்டு சிம் போடும் அன்ட்ரொயிட் போன்களுக்கும் இதே கதைதான். கனடாவில் விற்கும் ஐபோன் 17இல் சிம் தட்டே இல்லை, முழுவதும் இ-சிம். அதிலும் இலக்கம் இரண்டு, இரண்டையும் பதியவேண்டும்.

இனி ஆவணங்கள். அக்கா புறப்படமுன் அவருடைய கடவுச்சீட்டில் படம் உள்ள பக்கத்தையும், இந்தப் பயணத்தின் வருகை முத்திரை உள்ள பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். போர்டிங் பாஸ் இருந்தால் எறியவேண்டாம். வாங்கிய பற்றுச்சீட்டு மிக முக்கியம். அதில் ஐஎம்இஐ அல்லது தொடரிலக்கம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெட்டியின் ஒட்டுச்சீட்டையும் பற்றுச்சீட்டையும் ஒன்றாக வைத்துப் படம் எடுங்கள். கனடாவில் பலர் மாதத் தவணையில் எடுப்பதால் கணக்கு அத்தானின் பெயரில் இருக்கக்கூடும். அப்படியென்றால் யார் வாங்கியது, யார் கொண்டுவந்தது, யாருக்குக் கொடுத்தது என்று அக்கா கையெழுத்திட்ட ஒரு சிறு கடிதமும், உங்கள் தேசிய அடையாள அட்டையின் பிரதியும் சேர்த்து வையுங்கள். பிறகு ஆணைக்குழுவின் www.trc.gov.lk தளத்தில் தனிப்பட்ட பாவனைக்குக் கொண்டுவந்த போனுக்கான அறிவுறுத்தலைத் திறந்து, அன்று அங்கே கேட்டிருக்கும் ஆவணங்களையும் கட்டணத்தையும் பார்த்து விண்ணப்பியுங்கள். பழைய பட்டியலை வட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் அதை நம்பி அனுப்பவேண்டாம். அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை, இலக்கம் 276இல் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாள் பயணம் என்பதால், நேரில் போகத்தான் வேண்டுமா என்பதைப் புறப்படமுன் அவர்களிடமே கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அனுமதி வரும்வரை சிம்மைப் பழைய போனிலேயே வைத்திருங்கள். பதியாத போனுக்குக் கிடைக்காமல் போவது மொபைல் வலையமைப்பு மட்டும். வைஃபையில் அது முழுமையாக வேலை செய்யும். பழைய போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் வட்ஸ்அப், வங்கிச் செயலிகள் எல்லாம் ஓடும். அவற்றுக்கு வரும் குறியீட்டுச் செய்தியைப் பழைய போனில் பார்த்துக்கொள்ளலாம்.

பதிவோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு விடயம் நிறுவனப் பூட்டு. வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனம் தன் சிம்மைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாதபடி போனைப் பூட்டி விற்றிருந்தால், ஆணைக்குழுவில் பதிந்தாலும் அது திறக்காது. Settings > General > About இல் Carrier Lock என்ற வரியைப் பாருங்கள். No SIM restrictions என்று இருந்தால் பூட்டு இல்லை. பூட்டிய ஐபோனில் இங்கத்தைய சிம்மைப் போட்டால் SIM Not Supported என்று வரும். சாம்சங்கில் SIM network unlock PIN என்று கேட்கும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் நிறுவனங்கள் பூட்டில்லாமல்தான் விற்கவேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்திலும் 2021 டிசம்பருக்குப் பிறகு பூட்டிய போன் விற்கமுடியாது. அமெரிக்காவிலிருந்து வருபவற்றில்தான் இது இன்னும் அடிக்கடி வரும். பூட்டைத் திறக்கவேண்டியது விற்ற நிறுவனம், கேட்கவேண்டியவர் அங்கே கணக்கு வைத்திருப்பவர். ஆகவே இதையும் அக்கா நிற்கும்போதே பாருங்கள்.

சேவை வரவில்லையென்றால் காரணத்தைப் பிரித்தறிவது கடினமில்லை. அதே சிம்மைப் பழைய போனில் போடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் பிழை சிம்மில். அங்கே வேலை செய்து, புதியதில் மேலே சொன்ன பூட்டுச் செய்தி வந்தால் பிழை நிறுவனப் பூட்டில். பூட்டுச் செய்தி எதுவும் இல்லாமல் சேவை மட்டும் வராமல் நின்று, 1909இன் பதிலும் பதிவில்லை என்று சொன்னால் காரணம் பதிவுதான்.

அந்த நிலையில் சிலர் “இலக்கத்தை மாற்றித் தருகிறோம்” என்று முன்வருவார்கள். தயவுசெய்து அதற்கு உடன்படவேண்டாம். அவர்கள் எழுதுவது பெரும்பாலும் வேறொருவருடைய பதிவான போனின் இலக்கம். உரியவர் தன் போன் களவுபோனதென்று முறைப்பாடு செய்து அந்த இலக்கம் தடுக்கப்பட்டால், உங்கள் போனும் சேர்ந்து நிற்கும். விசாரணை வந்தால் பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான். ஐஎம்இஐயின் முதல் எட்டு இலக்கமும் போனின் வகையைக் குறிப்பவை என்பதால், ஐபோனில் வேறு வகைப் போனின் இலக்கத்தை எழுதினால் அந்த முரண்பாடே காட்டிக்கொடுக்கும்.

அனுமதி வந்ததும் இரண்டு இலக்கத்தையும் மறுபடி 1909க்கு அனுப்பி, பதில் மாறியிருப்பதைக் கண்ட பிறகு சிம்மை மாற்றுங்கள். உறுதிப்படுத்தலைப் பற்றுச்சீட்டோடு வைத்திருங்கள். பின்னர் போனை விற்கும்போது வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.