38 மணி நேரத்தில் எந்த எட்டு மணி நேரம்?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு பிரிவில் முதலாம் ஆண்டு பிஜி படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு சீனியர் ஒருவர் நோயாளிகள் முன்னாலேயே கேவலமாகத் திட்டுகிறார், கேஸ் ஷீட்டை முகத்தில் வீசுகிறார். சின்னத் தவறுக்கும் 'பனிஷ்மென்ட் டியூட்டி'. போன வாரம் திங்கள் காலை 8 மணிக்கு உள்ளே போனவள், செவ்வாய் இரவு 10 மணிக்குத்தான் வெளியே வந்தேன். புகார் செய்தால் பரீட்சையில் ஃபெயில் ஆக்கிவிடுவார்கள் என்கிறார்கள். பணம் கொடுத்தால் வேறு கல்லூரிக்கு மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தப் பண விஷயத்தை முடித்துவிடுவோம். பணம் கைமாறிவிட்டால் மற்றதைப் பேசிப் பயனில்லை.

முதுநிலை மருத்துவப் படிப்பில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாற்றமே கிடையாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி எந்தப் பல்கலைக்கழகமும் எந்த அதிகாரியும் இதை அனுமதிக்கக் கூடாது என்கிறது. டீனால் முடியாதது, துணைவேந்தரால் முடியாதது, ஓட்டலில் உட்கார்ந்து காபி குடிக்கிற ஒருவரால் எப்படி முடியும்? இந்த ஆட்கள் முதலில் 'ஃபைலை மூவ் பண்ண' என்று கொஞ்சம் வாங்குவார்கள். பிறகு 'டெல்லியில் கேட்கிறார்கள்' என்பார்கள். கடைசியில் 'நீங்கள் சீட்டை விட்டுவிட்டு வாருங்கள், அடுத்த கவுன்சிலிங்கில் பார்த்துக்கொள்கிறேன்' என்பார்கள். அதுதான் பெரிய பள்ளம். இடையில் சீட்டை விட்டால் பாண்ட் தொகை, கல்லூரியில் இருக்கும் அசல் சான்றிதழ்கள், மறுபடி கவுன்சிலிங்குக்கு வரத் தடை என்று வரிசையாக வரும். சீட்டை விடுவதற்கான பாண்டைக் கைவிடுங்கள் என்று ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் சேர்ந்த வருடத்து விளக்கக் கையேடும், நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரமும்தான். இரண்டையும் எடுத்து வைத்துப் படியுங்கள்.

அப்புறம், இன்னொரு வகைத் தரகர் உண்டு. இவர் பணம் கேட்கமாட்டார். மருத்துவர் சங்கத்தில் ஏதோ பொறுப்பில் இருக்கும் 'அண்ணன்'. 'எழுத்தில் எதுவும் கொடுக்காதே, நான் பேசி முடிக்கிறேன்' என்பார். எல்லா அண்ணன்களும் அப்படி இல்லைதான். ஆனால் பேசி முடித்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்று பல வருடம் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் அமைதி, மூன்றாவது வாரம் இரட்டிப்பு.

சரி, இப்போது அந்த 38 மணி நேரத்துக்கு வருவோம். விசாரணைக் குழுக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'என்னை 38 மணி நேரம் வேலை வாங்கினார்கள்' என்று எழுதினால் உங்கள் புகார் அங்கேயே செத்துவிடும். குழுவில் இருக்கும் ஐந்து பேரும், 'நாங்களும் அப்படித்தான் படித்தோம்' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த 38-ஐ உடைக்க வேண்டும். திங்கள் காலை 8 முதல் செவ்வாய் காலை 8 வரை உங்கள் 24 மணி நேர டியூட்டி. அதற்கு மேல் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் எல்லாம் முடிய மதியம் 2 மணி என்று வைத்துக்கொள்வோம். இந்த 30 மணி நேரம் துறையின் குற்றம், எல்லா பிஜிக்கும் நடப்பது. மதியம் 2 முதல் இரவு 10 வரை உங்களை மட்டும் நிறுத்தி வைத்தார்களே, அந்த எட்டு மணி நேரம்தான் சீனியரின் குற்றம். புகாரில் இருக்க வேண்டியது அந்த எட்டு மணி நேரம் மட்டும்.

முதல் 30 மணி நேரத்துக்கு விதி இல்லையா என்றால், இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு முதுநிலை விதிமுறைகள் 'நியாயமான' நேரம் வேலை, ஒரு நாளில் 'நியாயமான' ஓய்வு என்கின்றன. நியாயத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது? 1992-இல் மத்திய சுகாதார அமைச்சகம் தன் ரெசிடென்சி திட்டத்தில் வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது என்று எண்ணைப் போட்டே எழுதியது. 2024-இல் ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. முப்பது வருடத்தில் எண் ஏறியிருக்கிறது, அதுவும் பரிந்துரையாக. இந்தச் சண்டையைச் சங்கம் போடட்டும். முதலாம் ஆண்டு பிஜி தனியாகப் போட வேண்டாம்.

அந்த எட்டு மணி நேரத்திலும் ஒரு விலக்கு உண்டு. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் புகார் கொடுத்துத் தோற்றவர்கள் நிறையப் பேர். ரிலீவர் வராததால் நீங்கள் நிற்க வேண்டி வந்திருந்தால் அது தண்டனை ஆகாது. பணி அவசரம் என்ற பெயரில் எந்தக் குழுவும் அதை ஏற்கும். லேபர் வார்டில் ஆள் இல்லாமல் விட முடியாது என்பது உங்களுக்கே தெரியும். எனவே அன்று உங்களை மாற்ற வேண்டியவர் வந்தாரா, எத்தனை மணிக்கு வந்தார் என்று முதலில் பாருங்கள். அவர் வந்த பிறகும் நீங்கள் நின்றிருந்தால் அது தண்டனை. அவர் வரவில்லை, ஆனால் வராதபடி செய்தவர் அந்த சீனியர்தான் என்றால் அதுவும் தண்டனைதான், நிரூபிப்பதுதான் கடினம். ஒரு முறை நடந்தால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். ஒரே மாதத்தில் நான்கு முறை, நான்கு முறையும் உங்கள் பெயர் மட்டும் என்றால் ரோஸ்டரே பேசும். நோயாளிக்கு ரத்தப்போக்கு நிற்காமல் எல்லோரும் சேர்ந்து நின்ற இரவை இதில் சேர்க்காதீர்கள். அந்த ஒரு இரவைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றையும் அடித்துவிடுவார்கள்.

ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் நேரம் போடுகிறீர்கள் அல்லவா? செவ்வாய் மாலை 6.15-க்கும் இரவு 9.30-க்கும் உங்கள் கையெழுத்தில் குறிப்பு இருந்தால் அப்போது நீங்கள் அங்கே இருந்தீர்கள். ஆனால் கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் எடுக்காதீர்கள். நோயாளியின் பெயர் அதில் இருக்கும், வழக்கு உங்கள் மேல் திரும்பும். தேதியையும் ஐபி எண்ணையும் உங்கள் டைரியில் குறித்துக்கொண்டு, 'இந்தப் பதிவேடுகளை வரவழைத்துப் பார்க்கவும்' என்று புகாரில் கேளுங்கள். லேபர் வார்டில் ரகசியமாக ஆடியோ பதிவு செய்வதும் வேண்டாம். அதில் நோயாளிகளின் குரலும் விழும்.

ஒரு கல்லூரியில் ஒரே வருடத்தில் இரண்டு புகார்கள் எங்கள் முன் வந்தன. ஒன்று நான்கு பக்கம், 'தாங்க முடியாத மன உளைச்சல்', 'தகாத வார்த்தைகள்' என்று. சீனியர் வந்து, 'நோயாளி நலனுக்காகக் கண்டிப்பாக இருந்தேன்' என்றார். இருவருக்கும் அறிவுரை கூறி முடித்தோம். எனக்கு இன்றும் அது உறுத்தல். இன்னொரு பெண் மருந்து கம்பெனி கொடுத்த சின்ன நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். ஒரு வரி நினைவிருக்கிறது: 'இரவு 2.40, இரண்டாவது டேபிள் பக்கத்தில். உனக்கெல்லாம் எவன் சீட் கொடுத்தான் என்றார். ஸ்டாஃப் நர்ஸும் ஒரு ஹவுஸ் சர்ஜனும் இருந்தார்கள்.' அந்த ஹவுஸ் சர்ஜனைக் கூப்பிட்டோம். அவர் கீழே பார்த்துக்கொண்டே ஆமாம் என்றார். அவ்வளவுதான், மூத்தவர் சஸ்பெண்ட் ஆனார். அதனால் சொன்ன வார்த்தையை அப்படியே, அன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் ஒரே பேனா, ஒரே கையெழுத்து ஓட்டம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்தச் சட்டம் என்று கேட்டால், இது ராகிங். ராகிங் என்றால் எம்பிபிஎஸ் முதல் வருடம், ஹாஸ்டல், மீசையை எடுக்கச் சொல்வது என்று டீன் அலுவலகத்திலேயே நினைக்கிறார்கள். பிஜியும் மாணவர், மூன்றாம் ஆண்டு பிஜியும் மாணவர். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. மாணவருக்கு உடலளவிலோ மனத்தளவிலோ தீங்கு, பயம், அவமானம் ஏற்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். இரண்டு வருடம் வரை சிறை. புகார் வந்ததும் கல்லூரித் தலைவர் விசாரிக்க வேண்டும். சும்மா இருந்தால் அவரே உடந்தை என்று சட்டம் சொல்கிறது. மருத்துவ ஆணையத்துக்கும் 2021-இல் தனி ராகிங் தடுப்பு விதிமுறைகள் உண்டு. உங்களைத் துன்புறுத்துபவர் உதவிப் பேராசிரியராக இருந்தால் இந்த வழி சரியாகப் பொருந்தாது, டீனுக்கு வேறு விதமாக எழுத வேண்டும். ஆபாசமாகவோ சாதியைச் சொல்லியோ பேசினால் அதற்குத் தனிச் சட்டங்கள். அந்த வார்த்தைகளை மறக்காமல் அப்படியே குறியுங்கள்.

புகார் ஒரு பக்கம் போதும். டீனுக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் முகவரியிட்டு, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மேஜையில் வைத்துவிட்டு வந்தால் அது 'வரவே இல்லை'. அதே நாளில் 1800-180-5522 என்ற தேசிய ராகிங் தடுப்பு எண்ணிலும் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அந்தப் புகார் சுற்றிச் சுற்றி அதே டீன் மேஜைக்குத்தான் வரும். டெல்லிக்குப் போய் வருவதற்கு ஒரே பயன், பதில் எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிடும். மொட்டைக் கடுதாசி வேண்டாம். நேராகக் குப்பைக்குப் போகும், அதற்குள் எழுதியது யார் என்று வார்டு முழுக்கத் தெரிந்திருக்கும். இழுத்தடித்தால் விடாதீர்கள். மூன்றாம் ஆண்டுக்காரர் பரீட்சை எழுதிப் போய்விடட்டும் என்று காத்திருப்பது பழைய வித்தை.

ஃபெயில் பயம் பற்றி. உங்கள் எழுத்துத் தாள் பல்கலைக்கழகத்தில் திருத்தப்படுகிறது. செய்முறையில் நான்கு தேர்வாளர்கள், பாதிப் பேர் வெளியிலிருந்து வருபவர்கள். அந்த சீனியருக்கு அங்கே நாற்காலி கிடையாது. உண்மையான பிடி தீசிஸும் லாக் புக்கும்தான். பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் போய்ச் சேர வேண்டும், அதற்கு வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். அதனால் லாக் புக்கில் மாதாமாதம் கையெழுத்து வாங்கிவிடுங்கள், மொத்தமாகச் சேர்த்து வைக்காதீர்கள். சீனியருக்கு வேண்டியவர் உங்கள் வழிகாட்டி என்றால், அவரை மாற்றக் கோரித் துறைத் தலைவர், டீன் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு முதல் வருடத்திலேயே எழுதுங்கள். தரவு சேகரித்து முடித்த பிறகு யாரும் உங்களை ஏற்கமாட்டார்கள்.

தூக்கம் போய், உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வந்திருந்தால் இதையெல்லாம் ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு முதலில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மருத்துவ விடுப்புக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், எழுதிக் கொடுக்காமல் ஊருக்குப் போய்விடாதீர்கள். வராத நாட்கள் 80 சதவீத வருகைப் பதிவில் கை வைக்கும்.