காலையில் 112, மதியம் 312: ஸ்டீராய்டு சுகர் பற்றி வார்டிலிருந்து வந்த கேள்விகள்

ஸ்டீராய்டு ஓடும் நோயாளிகளுக்கு இன்சுலின் போடுவது பற்றிக் கேட்டிருந்தவர்களில் பாதிப்பேர் நர்ஸுகள், மீதிப்பேர் பக்கத்தில் உட்கார்ந்து சார்ட்டைப் பார்த்துப் பயந்துபோன உறவினர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சுகர் அளவெல்லாம் நம் ஊர் மீட்டர் காட்டும் மி.கி./டெ.லி. கணக்கில்தான்.

வெறும் வயிற்றில் 112, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 312. மீட்டர் கோளாறா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. பிரெட்னிசோலோன் மாத்திரையைக் காலை 8 மணிக்கு ஒரே வேளையாகக் கொடுத்தால், சுகரை ஏற்றும் வேலையை அது நாலு முதல் எட்டு மணி நேரத்தில் உச்சமாகச் செய்கிறது, அதாவது மதியச் சாப்பாட்டிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும். கல்லீரல் சுகரைக் கூடுதலாக வெளியே விடுகிறது, தசைகள் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை. ராத்திரி பத்து, பதினொன்றுக்கு மேல் அந்த வேகம் தானாக அடங்கி, விடிவதற்குள் சுகர் இறங்கிவிடும். அதனால் காலை 6 மணிக்கு மட்டும் விரலில் குத்திப் பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போகும் வார்டில் இந்த சுகர் யார் கண்ணிலும் படாது.

ஏற்கனவே சுகர் இல்லாதவருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்க முடியும் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்போ பாருங்கள். 216-ஐத் தாண்டினால் நாலு வேளையும் பார்க்க வேண்டியதுதான். குத்துவதற்கு முன் விரலைத் தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு உரித்த கையில் 400 காட்டுவதெல்லாம் சகஜம்.

ராத்திரி கிளார்ஜின் இன்சுலின் 16 யூனிட் போடுகிறோம், மதியம் இன்னும் 290. ஆனால் விடியற்காலை 3 மணிக்கு 62-க்கு இறங்கிவிட்டார். கூட்டுவதா, குறைப்பதா?

கூட்டினால் விடியற்காலை இன்னும் இறங்குவார், குறைத்தால் மதியம் இன்னும் ஏறும். இங்கே அளவை விட நேரம்தான் தப்பாக இருக்கிறது. கிளார்ஜின் 24 மணி நேரமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வேலை செய்யும், காலை பிரெட்னிசோலோனோ பகலில் மட்டும் ஏறி இறங்கும். ஸ்டீராய்டு தூங்கும் நேரத்தில் இன்சுலின் விழித்திருந்தால் அந்த 62 வரத்தான் செய்யும்.

இதற்குப் பொருந்துவது என்பிஎச், அந்தப் பால் மாதிரி கலங்கிய இன்சுலின். காலையில் போட்டால் ஓரிரு மணி நேரத்தில் தொடங்கி, மதியத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், ராத்திரி அடங்கும். பிரெட்னிசோலோனோடு கூடவே நடக்கிற இன்சுலின். பல மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஆரம்பக் கணக்கு இதுதான்: பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராமுக்கு, உடல் எடை கிலோவுக்கு 0.1 யூனிட். 20 மில்லிகிராமுக்கு 0.2. 40-க்கும் அதற்கு மேலும் 0.4, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதே மாதிரி ஒரு நோயாளியை வைத்துக் கணக்குப் போடுவோம். மூச்சுத்திணறலோடு வந்த 68 வயதுக்காரர், எடை 60 கிலோ, பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம். கணக்குப்படி 24 யூனிட். ஆனால் வயதானவர், கிரியேட்டினின் கொஞ்சம் கூட, முந்தின ராத்திரி போட்ட கிளார்ஜினும் உடம்பில் மிச்சம் இருக்கிறது. அதனால் கால் பங்கு குறைத்து 18 யூனிட்டில் ஆரம்பிக்க டாக்டர் எழுதுகிறார், கிளார்ஜின் நிறுத்தம். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் 256, மறுநாள் வெறும் வயிற்றில் 108. வெறும் வயிறு நன்றாக இருப்பதால் காலை டோஸைத் தைரியமாக ஏற்றலாம், ஒரு தடவைக்கு 10 முதல் 20 சதவீதம் வரை, அவ்வளவுதான். 20 ஆகிறது, மறுநாள் 22. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் 172, விடியற்காலை 3 மணிக்கு 121. வார்டில் 140-லிருந்து 180 வரை நமக்குப் போதும், 110-க்குக் கொண்டுவர யாரும் பாடுபட வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள், இந்த நபருக்கு முன்பு சுகரே கிடையாது. வீட்டிலேயே கிளார்ஜின் போட்டுக்கொண்டு வந்தவராக இருந்தால் அதை வெட்டிவிட முடியாது, அதன் மேல்தான் காலை என்பிஎச் சேரும்.

அந்த 62-க்கு அப்போதே என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் குளுக்கோஸ் பொடி 15 கிராம் தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள், 70-ஐத் தாண்டியதும் இரண்டு பிஸ்கட்டோ ரொட்டியோ கொடுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி நரம்பு வழியாக, கூடவே டியூட்டி டாக்டருக்குப் போன்.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினை யார் குறைப்பது? ரவுண்ட்ஸில் அது விட்டுப்போகிறது.

விட்டுப்போவது உண்மைதான், ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். நுரையீரல் டாக்டர் 40-ஐ 30 ஆக்கிவிட்டுப் போய்விடுவார், இன்சுலின் ஆர்டர் வேறு பக்கத்தில் 22 யூனிட்டாகவே கிடக்கும். இரண்டு நாளில் சாயந்திரம் 4 மணிக்கு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஸ்டீராய்டு எந்த விகிதத்தில் இறங்குகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் என்பிஎச்சும் இறங்க வேண்டும். மேலே சொன்னவருக்கு 30 மில்லிகிராம் ஆகும்போது 22-ல் முக்கால், 16 யூனிட். 20 ஆகும்போது 11, 10 ஆகும்போது 5, அந்தக் கட்டத்தில் பலருக்கு நிறுத்தியே பார்க்கலாம். நம் ஊரில் நர்ஸ் தானாக டோஸை மாற்றி எழுத முடியாது, ஆனால் ஸ்டீராய்டு மாறிய அதே நிமிடத்தில் போனை எடுக்கலாம். "சார், சுகர் பேஷன்ட்டுக்கு இன்சுலின் என்ன செய்யறது" என்று கேட்டால் "அதையே கண்டினியூ பண்ணுங்க" என்றுதான் பதில் வரும். "பிரெட்னிசோலோன் இன்னைக்கு 40-லிருந்து 30, என்பிஎச் 22-ல இருக்கு, நேத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி 158, இன்னைக்கு 16 போடலாமா சார்" என்று கேளுங்கள், ஆர்டர் உடனே வரும். அதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லி, எழுதி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ராத்திரி 10 மணிக்கு 320. ரெகுலர் 8 யூனிட் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து 300. இன்னொரு 8 போடலாமா?

வேண்டாம். தோலுக்கடியில் போட்ட ரெகுலர் இன்சுலின் வேலையைத் தொடங்கவே அரை மணி, உச்சத்துக்கு வர இரண்டிலிருந்து நாலு மணி நேரம், மொத்தம் ஆறு எட்டு மணி நேரம் உடம்பில் இருக்கும். 11 மணிக்கு நீங்கள் பார்த்த 300, முதல் 8 யூனிட் இன்னும் முழுசாக வேலை செய்யாத 300. இரண்டாவதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து விடியற்காலை 2, 3 மணிக்கு இழுக்கும். அதே நேரத்தில்தான் காலை ஸ்டீராய்டின் வேகமும் அடங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால் படுக்கப் போகும் நேரத்துக்கான கரெக்‌ஷன் டோஸ், பகலில் போடுவதில் பாதிதான் இருக்க வேண்டும், அதையும் முதலிலேயே ஆர்டரில் எழுதி வாங்கிவிட வேண்டும்.

அப்புறம், தினமும் ஏறின பிறகு ரெகுலரைப் போட்டுத் துரத்திக்கொண்டே இருப்பது வைத்தியம் இல்லை. இரண்டு நாள் சாயந்திரம் தொடர்ந்து 250-க்கு மேல் வந்தால் காலை டோஸை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் சுகர் 300-க்கு மேலேயே நின்று, நாக்கு வறண்டு, சிறுநீர் அளவுக்கு மீறிப் போய், ஆள் மந்தமாகவோ வாந்தியோடோ இருந்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

காலையில் எண்டோஸ்கோபி, வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்பிஎச் போடுவதா?

ஊசியை எடுப்பதற்கு முன் இரண்டே கேள்வி. இன்றைக்கு ஸ்டீராய்டு உள்ளே போனதா? சாப்பாடு போகுமா? இந்த என்பிஎச் ஸ்டீராய்டுக்காக மட்டுமே போடுவது, மாத்திரை வாந்தியில் வெளியே வந்துவிட்டாலோ, பார்மஸியிலிருந்து வராமல் இருந்தாலோ, நிறுத்திவிட்டிருந்தாலோ அந்த டோஸுக்கு வேலையே இல்லை, நிறுத்தி வைத்துவிட்டுப் போன் பண்ணுங்கள். ஸ்டீராய்டு நரம்பு வழியாகப் போகிறது, சாப்பாடு மட்டும் இல்லை என்றால் முழுசாக விடவும் முடியாது, குறைத்துப் போட ஆர்டர் வாங்கி இரண்டு மணிக்கு ஒரு தடவை சுகர் பார்க்க வேண்டும். டைப் 1 நோயாளியின் வழக்கமான கிளார்ஜினை இந்தக் கணக்கில் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள், அது வெறும் வயிற்றிலும் தேவை.

எங்கள் வார்டில் இரண்டு வகை சிரிஞ்சும் கிடக்கிறது. எது வேண்டுமானாலும் எடுக்கலாம்தானே?

கூடவே கூடாது. நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 18 கோடு இழுத்தால் உள்ளே போவது 45 யூனிட். மாற்றிச் செய்தால், 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடியில் 18 இழுத்தால், 7 யூனிட் சொச்சம்தான். சுகர் ஏன் இறங்கவில்லை என்று மூன்று நாள் டோஸை ஏற்றிவிட்டு நாலாவது நாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என்பிஎச் குப்பியைக் குலுக்க வேண்டாம், அடியில் தேங்கிய வெள்ளை முழுசாகக் கலக்கும்வரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள்.

டெக்சாமெத்தசோனுக்கும் இதே கணக்கா?

இல்லை. அதன் வேகம் ஒன்றரை நாளுக்கும் மேல் நிற்கும், வெறும் வயிற்று சுகரும் ஏறும். காலை என்பிஎச் ஒன்று போதாது, இரண்டு வேளை என்பிஎச்சோ கிளார்ஜினோ தேவைப்படும். நிறுத்தின பிறகும் ஓரிரு நாள் சுகர் மெதுவாகத்தான் இறங்கும், அதனால் அந்த நாட்களில் விடியற்காலை 3 மணிப் பரிசோதனையை விட வேண்டாம்.

அப்பாவுக்கு சுகரே கிடையாது, ஆஸ்பத்திரியில் இன்சுலின் போடுகிறார்கள். ஸ்டீராய்டை நிறுத்தச் சொல்லட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். சில வாரங்கள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தார்களா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு ஆரம்பித்து நாலைந்து நாள்தான் ஆகிறது, அது 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர் முன்பே இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அதற்குக் கீழே என்றால் ஸ்டீராய்டு முடியும்போது இன்சுலினும் நிற்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு அனுப்பும்போது எந்தத் தேதியில் மாத்திரை எத்தனை, அன்றைக்கு இன்சுலின் எத்தனை என்று ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள், சிரிஞ்ச் மூடி என்ன நிறம் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.